ஓர் இணைப்பு, மூன்று கெடு

"நீங்கள் கேட்ட கோப்பு தயார். இந்த இணைப்பு ஏழு நாளில் காலாவதியாகும்." இந்த மாதிரி மின்னஞ்சல் ஒன்றையாவது பார்க்காதவர்கள் இன்று குறைவு. கூகுள் கணக்கில் சேர்ந்திருக்கும் படங்கள், கடிதங்கள், தொடர்பு எண்கள் எல்லாவற்றையும் மொத்தமாக வாங்கிக்கொள்ள 'டேக்அவுட்' என்ற வசதி 2011 முதல் இருக்கிறது. கேட்டால் உடனே கைக்கு வராது. தயாராகிக்கொண்டிருக்கிறது என்று ஒரு வரி மட்டும் திரையில் நிற்கும். சில மணி நேரமோ சில நாளோ கழித்து மின்னஞ்சல் வரும், ஏறக்குறைய ஒரு வாரத்துக்குள் எடுத்துக்கொள்ளச் சொல்லும். வாட்ஸ்அப்பில் கணக்கு அறிக்கை கேட்டாலும் இதே கதைதான். சுமார் மூன்று நாள் காத்திருக்க வேண்டும், தயாரான அறிக்கையும் குறிப்பிட்ட காலம் வரைதான் கிடைக்கும்.

அந்த ஏழாம் நாள் உண்மையில் என்ன நடக்கிறது? இணைப்பு செத்துப்போகிறதா, கோப்பு அழிகிறதா, நாம் கோரிக்கை வைத்ததற்கான பதிவு நீங்குகிறதா? மின்னஞ்சல் மூன்றையும் 'காலாவதி' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறது. உள்ளே இவை மூன்று தனி விஷயங்கள். மூன்றுக்கும் தனித்தனிக் கெடு உண்டு, மூன்றும் ஒரே நேரத்தில் முடிவதில்லை. நம் தகவல் பத்திரமாக இருக்கிறதா என்பது பெரும்பாலும் இவற்றுக்கு நடுவே விழும் இடைவெளியைப் பொறுத்தது.

ரயில் நிலையத்தில் பெட்டியை ஒப்படைக்கும் அறையை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கையில் இருக்கும் சீட்டுதான் இணைப்பு. உள்ளே அடுக்கில் இருக்கும் பெட்டி, கோப்பு. ஊழியரின் பேரேட்டில் இருக்கும் வரி, கோரிக்கைப் பதிவு. சீட்டு கிழிந்தாலும் பெட்டி உள்ளேயேதான் இருக்கும். பெட்டியைத் தூக்கிவிட்டாலும் பேரேட்டில் வரி நிற்கும். வரியை அடித்துவிட்டுப் பெட்டியை மறந்தால், அப்படியொரு பெட்டி இருப்பதே யாருக்கும் தெரியாமல் போகும்.

இவ்வளவு சுற்று எதற்கு, கேட்டவுடன் கொடுத்தால் என்ன என்று தோன்றலாம். பல ஆண்டுப் பதிவுகளையும் படங்களையும் தேடி எடுத்து ஒரே ஜிப் கோப்பாகக் கட்ட நிமிடக்கணக்கில், சில நேரம் மணிக்கணக்கில் ஆகும். ஒரு வலைப்பக்கம் பதிலுக்காக அவ்வளவு நேரம் காத்திருக்காது. பல சர்வர்களில் ஒரு நிமிடத்திலேயே தொடர்பு அறுந்துவிடும். அதனால் வலைத்தளம் கோரிக்கையைக் குறித்துக்கொண்டு 'சரி, சொல்லி அனுப்புகிறோம்' என்று உங்களை அனுப்பிவிடுகிறது. கட்டும் வேலையைப் பின்னணியில் ஓடும் வேறொரு நிரல் பார்த்துக்கொள்கிறது.

கட்டிய கோப்பை அப்படியே வைத்திருக்கவும் முடியாது. இட வாடகை ஒரு காரணம், ஆனால் அது சின்னக் காரணம். பெரிய காரணம், அந்தக் கோப்பில் இருப்பது. கணக்கில் ஆயிரம் இடத்தில் சிதறிக்கிடந்தது எல்லாம் அதில் ஒரே மூட்டையாக, பெரும்பாலும் கடவுச்சொல் பூட்டுகூட இல்லாமல் இருக்கிறது. அடுத்த ஆண்டு உங்கள் மின்னஞ்சல் பெட்டிக்குள் வேறொருவர் புகுந்தால், அவர் உங்கள் வாழ்க்கையைத் தேடித் துழாவ வேண்டியதில்லை, பழைய கடிதத்தில் இருக்கும் ஓர் இணைப்பை அழுத்தினால் போதும். அந்த இணைப்பு அப்போது உயிரோடு இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் கெடு.

திறந்த நிரலில் பார்ப்போம்

கூகுளின் உள்வேலையை வெளியிலிருந்து பார்க்க முடியாது. மாஸ்டடானில் பார்க்கலாம். ஜெர்மனியைச் சேர்ந்த ஒய்கன் ரோச்கோ 2016இல் தொடங்கிய சமூக வலைத்தள மென்பொருள் இது. ட்விட்டர் போலவே இருக்கும், ஆனால் ஒரே நிறுவனத்தின் கையில் இல்லை. யார் வேண்டுமானாலும் தங்கள் சர்வரில் ஏற்றி நடத்தலாம். நிரல் முழுவதும் பொதுவில் இருக்கிறது. தன் பதிவுகளையும் படங்களையும் மொத்தமாகக் கேட்டு வாங்கும் வசதி இதில் 2018இல் வந்தது. ஐரோப்பாவின் தகவல் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த ஆண்டு அது.

பொத்தானை அழுத்தியதும் முதலில் நடப்பது ஒரு பூட்டுப் போடும் வேலை. சிலர் அவசரத்தில் இரண்டு முறை அழுத்துவார்கள், சிலர் கைபேசியிலும் கணினியிலும் ஒரே நேரத்தில் அழுத்துவார்கள். இரண்டு கோரிக்கையும் ஒரே நொடியில் வந்தால், 'ஏற்கெனவே கேட்டிருக்கிறாரா?' என்று இரண்டும் பார்க்கும், இரண்டுக்கும் 'இல்லை' என்றே பதில் கிடைக்கும், கடைசியில் ஒரே ஆளுக்கு இரண்டு மூட்டை கட்டப்படும். அதைத் தடுக்க அந்தப் பயனரின் பெயரில் ஒரு தற்காலிகப் பூட்டு விழுகிறது. பூட்டுக்குள் நின்றுதான் நிரல் சோதிக்கிறது: கடந்த ஆறு நாளில் இவர் ஏதாவது கேட்டிருக்கிறாரா? இல்லையென்றால் தரவுத்தளத்தில் புது வரி ஒன்று எழுதப்படுகிறது. அதில் `processed` என்ற இடத்தில் 'இன்னும் இல்லை' என்று இருக்கும். திரையில் நாம் பார்க்கும் 'தயாராகிக்கொண்டிருக்கிறது' என்பது அந்த ஒரு குறிப்பின் நிழல்தான்.

பிறகு அந்த வரியின் எண் ஒரு வரிசையில் சேர்க்கப்படுகிறது. `BackupWorker` என்ற நிரல் வரிசையிலிருந்து எண்ணை எடுத்து, பதிவுகள், விருப்பங்கள், சேமித்த பக்கங்கள், படங்கள் எல்லாவற்றையும் திரட்டிக் கோப்பாகக் கட்டி, கிடங்கில் வைத்து, `processed` என்பதை 'ஆயிற்று' என்று மாற்றுகிறது. அதே பயனரின் பழைய கோப்பு ஏதாவது இருந்தால் அழித்துவிட்டு மின்னஞ்சல் அனுப்புகிறது. இதில் ஒரு நுணுக்கம் எனக்குப் பிடித்தது. புதியது கட்டி முடிந்த பிறகுதான் பழையது அழிகிறது. கட்டும் வேலை பாதியில் நின்றுபோனாலும் பயனர் கையில் இருந்ததை இழப்பதில்லை.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சென்னையில் இருக்கும் ஒருவர் 2025 ஜூன் 2, திங்கட்கிழமை இரவு 9 மணிக்குக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய சர்வர் கோப்புகளை அமேசானின் எஸ்3 கிடங்கில் வைக்கிறது. இரவு 11.40க்கு மின்னஞ்சல் வந்துவிடுகிறது. அவர் வெள்ளிக்கிழமை, ஜூன் 6, இரவு 9 மணிக்குத்தான் அதைத் திறந்து அழுத்துகிறார்.

மின்னஞ்சலில் இருந்தது கிடங்கின் முகவரி அல்ல. அது மாஸ்டடானின் வாசல். அங்கே உள்நுழைந்திருக்கிறாரா, இது இவருடைய கோப்புதானா என்று பார்த்த பிறகு, அந்த நொடியில் புதிதாக ஓர் இணைப்பு உருவாக்கிக் கொடுக்கப்படுகிறது. அந்த இணைப்பின் ஆயுள் ஒரு மணி நேரம். இரவு 10 மணிக்கு அது செத்துவிடும். மறுநாள் திரும்பவும் வாசலுக்கு வந்து கேட்டால் இன்னொரு ஒரு மணி நேர இணைப்பு கிடைக்கும்.

கோப்பின் கெடு வேறு. வழக்கமான அமைப்பில் அது ஏழு நாள், நிர்வாகி மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஏழு நாள் எப்போதிலிருந்து? கோப்பு தயாரான நேரத்திலிருந்து அல்ல, கேட்ட நேரத்திலிருந்து. அதாவது ஜூன் 9, திங்கள் இரவு 9 மணியோடு கெடு முடிகிறது. இந்த வித்தியாசம் நம் ஆளுக்கு இரண்டு மணி நாற்பது நிமிடம்தான். ஆனால் சர்வர் திணறி வரிசை இரண்டு நாள் தேங்கினால், அவருக்குக் கையில் மிஞ்சுவது ஐந்தே நாள்.

கெடு முடிந்த நிமிடத்தில் கோப்பு அழிவதும் இல்லை. துப்புரவு வேலை நாளுக்கு ஒரு முறைதான் ஓடுகிறது, அதுவும் சர்வரின் கடிகாரப்படி அதிகாலை 3 மணிக்கும் 6 மணிக்கும் இடையில். சர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடினால், நமக்கு அது காலை 8.30 முதல் 11.30 வரை. எனவே திங்கள் இரவு கெடு முடிந்த கோப்பு உண்மையில் அழிவது செவ்வாய், ஜூன் 10 காலையில்.

மூன்றாவது கெடு, மறுபடி கேட்பதற்கானது. அது ஆறு நாள் என்பதால் ஜூன் 8, ஞாயிறு இரவு 9 மணிக்கே திறந்துவிடுகிறது. ஆக, ஒரே கோரிக்கைக்கு இணைப்பு ஒரு மணி நேரம், மறுகோரிக்கைத் தடை ஆறு நாள், கோப்பு ஏழு நாளும் கொஞ்சமும்.

இணைப்பின் உள்ளே எழுதியிருக்கும் நேரம்

அந்த ஒரு மணி நேர இணைப்பைப் பிரித்துப் பார்க்கலாம். அதன் கெடு எங்கோ ரகசியமாக இல்லை, முகவரியிலேயே எழுதியிருக்கிறது. நீளமான முகவரியைச் சுருக்கி, தேவையான பகுதியை மட்டும் தருகிறேன்:

```
https://files.example.org/archive.zip
  ?X-Amz-Date=20250606T153000Z
  &X-Amz-Expires=3600
  &X-Amz-Signature=9f2c...
```

முதல் குறிப்பு, இணைப்பு உருவான நேரம்: 2025 ஜூன் 6, உலகப் பொது நேரம் 15.30, நம் நேரம் இரவு 9. அடுத்தது, எத்தனை விநாடி செல்லும் என்பது: 3600. மூன்றாவது, கையெழுத்து. முகவரி, நேரம், விநாடி எல்லாவற்றையும் சர்வருக்கும் கிடங்குக்கும் மட்டும் தெரிந்த ரகசியச் சாவியோடு சேர்த்துக் கணித்த எண் அது. யாராவது 3600ஐ 36000 என்று திருத்திப் பார்த்தால், கிடங்கு அதே கணக்கைத் தானும் போட்டுப் பார்க்கும், கையெழுத்து பொருந்தாது, கதவு திறக்காது. இதற்காகக் கிடங்கு எந்தப் பட்டியலையும் வைத்திருக்க வேண்டியதில்லை. வந்த சீட்டைப் படித்தே முடிவு செய்துவிடும். இந்த வகைக் கையெழுத்துக்கு அமேசான் வைத்திருக்கும் உச்சவரம்பு 604800 விநாடி, சரியாக ஏழு நாள்.

பெரிய கோப்பு எடுப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கிடங்கு நேரத்தைப் பார்ப்பது டவுன்லோட் தொடங்கும்போது மட்டும்தான். 9.55க்குத் தொடங்கினால் 10 மணி கடந்தும் அது ஓடும், முழுசாக முடியும். நடுவில் வைஃபை அறுந்து 10.05க்கு விட்ட இடத்திலிருந்து தொடர முயன்றால், அது புதிய கோரிக்கை, கிடங்கு மறுத்துவிடும். 'பாதி இறங்கிய பிறகு இணைப்பு வேலை செய்யவில்லை' என்ற புகாருக்குப் பல நேரம் இதுதான் காரணம். வாசலுக்குத் திரும்பிப் போய்ப் புதிய இணைப்பு வாங்கினால் சரியாகிவிடும்.

எது செத்தது என்று பிழைச் செய்தியை வைத்தே சொல்லலாம். திரையில் `Request has expired` என்று வந்தால் செத்தது இணைப்பு மட்டும். கோப்பு இன்னும் உள்ளே இருக்க வாய்ப்பு உண்டு. திரும்பக் கேளுங்கள். `NoSuchKey` என்று வந்தால் சீட்டு செல்லும், ஆனால் கோப்பே இல்லை, அதை அழித்துவிட்டார்கள். அப்போது முதலிலிருந்து கோரிக்கை வைப்பதைத் தவிர வழியில்லை. சில கிடங்குகள், கோப்பு இருக்கிறதா இல்லையா என்பதையே வெளியாருக்குச் சொல்லாமல், இரண்டுக்கும் 'அனுமதி இல்லை' என்று மொட்டையாகப் பதில் தரும்படி அமைக்கப்பட்டிருக்கும். பாதுகாப்புக்கு அது நல்லது, பயனருக்குக் குழப்பம்.

இணைப்பின் கெடுவையும் கோப்பின் கெடுவையும் பிரித்து வைத்ததால் கிடைக்கும் பலனை இங்கே கவனியுங்கள். வெள்ளிக்கிழமை இணைப்பை யாராவது நகலெடுத்து வைத்தாலும் ஒரு மணி நேரத்துக்குப் பிறகு அது குப்பை. செவ்வாய் காலை வரை கோப்பு கிடங்கில் கிடந்தாலும், உள்நுழையாமல் அதன் பக்கம் போக முடியாது. அழிப்பது தாமதமானாலும் ஆபத்து இல்லை. என் கண்ணில் இந்த அமைப்பின் உயிர்நாடி இதுதான்: அழிப்பதை நம்பிப் பாதுகாப்பை வைக்கக் கூடாது. ஒவ்வொரு முறை கதவு தட்டப்படும்போதும் நேரத்தைப் பார்க்க வேண்டும். துப்புரவு பின்னால் வந்து இடத்தைக் காலி செய்தால் போதும்.

ஆனால் இதே மாஸ்டடானைச் சிலர் தனிக் கிடங்கு இல்லாமல், சர்வரின் சொந்த வட்டிலேயே கோப்புகளை வைத்து நடத்துகிறார்கள். அப்போது ஒரு மணி நேரச் சீட்டு கிடையாது. வாசலில் சோதனை முடிந்ததும் கோப்பின் நேரடி முகவரிக்கே அனுப்பிவிடும். ஊகிக்க முடியாத நீண்ட முகவரிதான், ஆனால் கோப்பு அழியும் வரை அது உயிரோடு இருக்கும். இணைப்பின் கெடுவும் கோப்பின் கெடுவும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன.

அழிப்பதை மட்டும் நம்பினால்

அந்த ஏற்பாட்டை இன்னும் துலக்கமாகக் காட்டுவது வேர்ட்பிரஸ். தமிழில் எத்தனையோ இதழ்களும் வலைப்பூக்களும் ஓடுவது இதில்தான் என்பதால், நடத்துபவர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும். 2018 மே மாதம் வந்த 4.9.6 பதிப்பில், வாசகர் தன் தகவலைக் கேட்டு வாங்கும் வசதி சேர்ந்தது. தளம் கட்டிய ஜிப் கோப்பு `wp-personal-data-exports` என்ற அடைவில் போய் அமர்கிறது. பெயரில் 32 எழுத்து தற்செயல் வரிசை இருக்கும். அதை ஊகித்து அடிப்பது நடக்காத காரியம். ஆனால் அந்த முகவரி தெரிந்தவர் யாரானாலும், உள்நுழையாமலே எடுக்கலாம். கையெழுத்து இல்லை, முகவரியில் நேரமும் இல்லை. கோப்பு அழிந்தால்தான் இணைப்பு சாகும்.

அழிக்கும் வேலை மணிக்கு ஒரு முறை எழுந்து, அடைவில் இருக்கும் ஒவ்வொரு கோப்பும் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று பார்க்கிறது. மூன்று நாளைத் தாண்டியிருந்தால் அழிக்கிறது. அதன் நடு வரிகள் இவை:

```php
$age = time() - filemtime( $export_file );
if ( $expiration < $age ) {
    unlink( $export_file );
}
```

எளிமையான நிரல். ஆனால் இதில் இரண்டு இடம் இடறும். முதலாவது, வேர்ட்பிரஸின் 'மணிக்கு ஒரு முறை' என்பது கடிகார மணி அல்ல. யாராவது தளத்தைத் திறக்கும்போதுதான் அது 'நேரமாகிவிட்டதா?' என்று பார்க்கிறது. வாசகர் வராத சிறு தளத்தில் அழிக்கும் வேலை எழுந்திருக்கவே எழுந்திருக்காது. கெடு முடிந்த கோப்பு வார இறுதி முழுக்க அங்கேயே கிடக்கலாம், அதன் முகவரியும் அதுவரை வேலை செய்யும். சர்வரின் சொந்த நேர அட்டவணையிலிருந்து `wp-cron.php`யை ஓடவிடுவது இதற்கு மாற்று. பல நிர்வாகிகள் அதைச் செய்வதில்லை.

இரண்டாவது, கோப்பின் வயதை அதன் மாற்றத் தேதியை வைத்துக் கணிப்பது. தளத்தை ஒரு ஹோஸ்டிங்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது, தேதியைக் காப்பாற்றாமல் நகலெடுத்தால் பழைய கோப்பெல்லாம் இன்று பிறந்ததாகிவிடும். இன்னும் மூன்று நாள் வாழும். அதைவிடப் பெரிய ஓட்டை, காப்புநகல். அந்த அடைவு `uploads` என்பதற்குள் இருக்கிறது, தினசரி காப்புநகல் எடுக்கும் செருகுநிரல்கள் அதையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போகும். தளத்தில் மூன்று நாளில் அழிந்த கோப்பு, காப்புநகலில் மாதக்கணக்கில் இருக்கும். இந்த ஓர் அடைவைக் காப்புநகலிலிருந்து விலக்கிவைப்பது ஐந்து நிமிட வேலை. செய்துவிடுங்கள்.

அழிக்கும்போது எதை முதலில் அழிப்பது என்பதும் சின்ன விஷயமல்ல. தரவுத்தள வரியை முதலில் நீக்கிவிட்டுக் கோப்பை அழிக்கப் போகும் நேரத்தில் மின்சாரமோ வலையோ போனால், கோப்பு அனாதையாகிவிடும். அதைத் தேடிச் செல்லக் கையில் குறிப்பே இல்லை. துப்புரவு எத்தனை முறை ஓடினாலும் அதன் கண்ணில் படாது. கோப்பை முதலில் அழித்துவிட்டு வரியை நீக்கும் முன் தடைபட்டால், வரி மட்டும் எஞ்சும். மறுநாள் துப்புரவு அதைப் பார்த்து, 'கோப்பு ஏற்கெனவே இல்லை, சரி' என்று வரியை நீக்கிவிடும். இரண்டாவது வழியில் தவறு தானே சரியாகிறது, முதல் வழியில் தானே புதைகிறது.

'தயாராகிறது' என்றே நிற்கும் வரி

இவ்வளவும் ஒழுங்காக இருந்தும் மக்களை அதிகம் எரிச்சலூட்டுவது வேறொன்று: முடிவே வராத 'தயாராகிக்கொண்டிருக்கிறது'. பயனர் கேட்டுவிட்டார், வரி எழுதப்பட்டது, கட்டும் நிரல் நடுவில் விழுந்துவிட்டது. வரியில் 'இன்னும் இல்லை' என்றே இருக்கிறது. பயனர் மறுபடி கேட்கப் போனால், 'ஏற்கெனவே கேட்டிருக்கிறீர்கள், பொறுங்கள்' என்கிறது தளம். பொறுத்தும் பயனில்லை, ஏனென்றால் அந்த வேலையை இப்போது யாரும் செய்துகொண்டிருக்கவில்லை.

மாஸ்டடான் இதை இரண்டு அடுக்கில் கையாள்கிறது. கட்டும் வேலை பிழையில் முடிந்தால், ஐந்து முறை வரை திரும்ப முயலும். அதுவும் தோற்றால் கோரிக்கை வரியையே நீக்கிவிடும். முதலில் கேட்கும்போது இது முரட்டுத்தனமாகத் தோன்றலாம், ஆனால் சரியான முடிவு. வரி போனால் தடையும் போகிறது, பயனர் அன்றே மறுபடி கேட்கலாம். 'தோற்றுவிட்டது' என்று குறித்து வைத்துக்கொண்டு ஆறு நாள் தடையையும் தொடர்ந்திருந்தால், தளத்தின் தவறுக்குப் பயனர் தண்டனை அனுபவித்திருப்பார்.

ஆனால் பிழை என்று சொல்லக்கூட நேரமில்லாமல் நிரல் மடிவதும் உண்டு. பெரிய கணக்கைக் கட்டும்போது நினைவகம் நிறைந்து இயங்குதளமே நிரலைக் கொன்றுவிடலாம். மாஸ்டடான் பயன்படுத்தும் 'சைட்கிக்' என்ற வரிசை நிரலின் இலவசப் பதிப்பில், வேலையைக் கையில் எடுத்ததுமே அது வரிசையிலிருந்து போய்விடுகிறது. முறைப்படி நிறுத்தினால் முடியாத வேலையைத் திரும்ப வரிசையில் வைத்துவிட்டுத்தான் நிற்கும். திடீரென்று கொல்லப்பட்டால் அந்த வேலை தொலைந்தது தொலைந்ததுதான். ஐந்து முறை முயற்சி என்ற கணக்கே அங்கே தொடங்காது. வரி மட்டும் 'இன்னும் இல்லை' என்று நிற்கும், ஆறு நாள் தடையும் கூடவே நிற்கும். ஏழு நாள் கழித்து வரும் துப்புரவு, கோப்பு தயாரானதா இல்லையா என்று பார்க்காமல், கேட்ட தேதியை மட்டும் பார்த்து அந்த வரியையும் துடைத்துவிடுகிறது. தேதியை கேட்ட நேரத்திலிருந்து எண்ணியதன் நல்ல பக்கம் இது. தயாரான நேரத்திலிருந்து எண்ணியிருந்தால், தயாராகாத வரிக்குக் கெடுவே இருந்திருக்காது.

இதைவிடச் சீக்கிரம் மீட்க வேண்டுமென்றால், வேலை ஓடும்போது அவ்வப்போது 'இன்னும் செய்துகொண்டிருக்கிறேன்' என்று வரியில் நேரத்தைக் குறிக்க வைக்கலாம். அந்த நேரம் ஒரு மணிக்கும் மேல் பழசானால், வேறொரு நிரல் அதை மறுபடி வரிசையில் சேர்க்கும். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: ஒரே வேலை இரண்டு முறை ஓடினாலும் கேடு வராதபடி கட்டியிருக்க வேண்டும். செத்துவிட்டது என்று நினைத்த நிரல், மெதுவாக ஓடிக்கொண்டு உயிரோடு இருக்கவும் கூடும்.

வேர்ட்பிரஸில் 'நிலுவை' என்பதற்கு இன்னொரு பொருளும் இருக்கிறது. அங்கே கோரிக்கை வந்ததும் எதுவும் தொடங்குவதில்லை. அந்த மின்னஞ்சல் முகவரிக்கு ஓர் உறுதிப்படுத்தும் கடிதம் போகிறது. உங்கள் முகவரியைப் போட்டு வேறு யாரோ உங்கள் தகவலைக் கேட்டிருக்கலாம் அல்லவா? ஒரு நாளுக்குள் அதை அழுத்தாவிட்டால், சாவி செல்லாமல் போகும். அந்தக் கோரிக்கை `request-pending` நிலையிலிருந்து `request-failed` நிலைக்கு மாறும். இதிலும் ஒரு குறை: அந்த மாற்றம் நடப்பது நிர்வாகி அந்தப் பக்கத்தைத் திறக்கும்போதுதான். அதுவரை செத்த கோரிக்கை நிலுவையாகவே காட்சி தரும். தளம் நடத்துபவர் மாதம் ஒரு முறை கூட அந்தப் பக்கம் போகாதவராக இருந்தால், வாசகர் 'கேட்டும் தரவில்லை' என்று நினைத்துக்கொள்வார். ஐரோப்பிய வாசகர் என்றால் பதிலளிக்கச் சட்டம் தரும் அவகாசம் ஒரு மாதம்.

அடுத்த முறை இப்படியொரு மின்னஞ்சல் வந்தால், வந்த அன்றே எடுத்துவிடுங்கள். கெடு கேட்ட நாளிலிருந்து ஓடுகிறதா, தயாரான நாளிலிருந்து ஓடுகிறதா என்பது வெளியே தெரிவதில்லை. இணைப்பை யாருக்கும் அனுப்பாதீர்கள், சில தளங்களில் அந்த முகவரி ஒன்றே சாவி. டவுன்லோட் நடுவில் அறுந்தால் பழைய தாவலைப் புதுப்பிக்காமல், மின்னஞ்சலுக்குத் திரும்பி முதலிலிருந்து அழுத்துங்கள். 'தயாராகிக்கொண்டிருக்கிறது' என்பது தளம் சொன்ன காலத்தைத் தாண்டியும் நின்றால், காத்திருக்காமல் நிர்வாகிக்கு எழுதுங்கள். பெரும்பாலும் அங்கே யாரும் வேலை செய்துகொண்டிருக்க மாட்டார்கள்.

இறக்கிய பிறகு இன்னொரு பிரதி உங்கள் கைபேசியின் டவுன்லோட் அடைவில் இருக்கும். சர்வரில் இருந்ததற்கு ஏழு நாள் கெடு இருந்தது, துடைக்க ஒரு நிரலும் இருந்தது. இதற்கு இரண்டும் இல்லை. வேண்டிய இடத்தில் பூட்டி வைத்துவிட்டு, டவுன்லோட் அடைவில் இருப்பதை நீங்களே அழித்துவிடுங்கள்.